மாமாவின் மாத்திரை டப்பா

மேடையில் அமர்ந்திருக்கும் விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றப் பெருமக்களே, நேரமாகிறது என்று சைகை காட்டும் செயலாளர் அவர்களே, எஸ்டேட்டிலிருந்து வேலையை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் சாப்பாடு, மாத்திரை, பரிசோதனை என்று மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எங்கள் மாமா விட்டார்.

மாமாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ரத்தம் உறையாமலிருக்கவும் ஒரு மாத்திரை. "ஆபரேஷன் அன்றைக்கு வெறும் வயிறு" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். மாமா அதற்குத் தானே உரை எழுதிவிட்டார். கண்ணில் ரத்தம் கொட்டுமே என்று, ஸ்டென்ட் மாத்திரையை நான்கு நாள் முன்னாலேயே நிறுத்தினார். அன்று காலை பிரஷர் மாத்திரையும் வேண்டாம், தண்ணீர் குடிக்க வேண்டியிருக்குமே! சர்க்கரை மாத்திரையை மட்டும் விடவில்லை. "சர்க்கரை ஏறினால் டாக்டர் திருப்பி அனுப்பிடுவார்டா" என்று, தண்ணீர்கூட இல்லாமல் வெறும் வயிற்றில் முழுங்கினார்.

பஸ் ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரம் வருவதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது, கை நடுங்குகிறது. வளைவில்தான் தலை சுற்றுகிறது என்று நான் நினைத்தேன். சேலத்தில் பரிசோதித்தால் சர்க்கரை 58, பிரஷர் 190. உடனே குளுக்கோஸ் கொடுத்தார்கள். ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது.

டாக்டர் திட்டினாரே, அதில்தான் பாடம் இருந்தது. மாமா எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருந்தார். வெறும் வயிறு என்றால் அன்று காலைச் சர்க்கரை மாத்திரையைத்தான் நிறுத்த வேண்டும். இன்சுலின் என்றால் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிரஷர் மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரில் போட்டே ஆகவேண்டும். பிரஷர் எகிறினால் ஆபரேஷன் நடக்கும்போதே கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். ஸ்டென்ட் மாத்திரை? கருவிழியின் ஓரத்தில் சின்னக் கீறல்தான் போடுகிறார்கள். அந்தக் கண்ணாடி போன்ற பகுதியில் ரத்தக்குழாயே கிடையாது. அதனால் பெரும்பாலும் அதை நிறுத்தவே சொல்வதில்லை. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம், கண்ணைக் காப்பாற்றப் போய் இதயம் போகலாம். ஆனால் கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவதாக இருந்தால் இந்த மாத்திரை சாப்பிடுவது டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் என்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையும் தேவை. ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள்.

சில ஆஸ்பத்திரிகளில் ஊசி இல்லாமல், மரத்துப்போகும் சொட்டு மருந்து மட்டும் போட்டுச் செய்கிறார்கள், அங்கே காலையில் இட்லி சாப்பிட்டு வாருங்கள் என்பார்கள். ஆக, எது நம் கதை என்று கேட்டுத்தான் தெரிய வேண்டும்.

பரிசோதனையைப் பற்றிப் பேச நேரமில்லை என்கிறார் செயலாளர். சரி. சர்க்கரை, பிரஷர், ஈ.சி.ஜி., கண்ணீர்ப் பாதை சோதனை என்று பெயராவது சொல்லிவிடுகிறேன். அப்புறம், காலில் சீழ்ப்புண் இருந்தால் மறைக்காதீர்கள். அந்தக் கிருமி கண்ணுக்கும் வரலாம்.

தலைவர் அவர்களே, மூன்று வருடமாக ஒரே கோரிக்கைதான். "வெறும் வயிறு" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பாதீர்கள். மாத்திரையின் பெயர், நாளைக் காலை போட வேண்டுமா, வேண்டாமா என்று மூன்றே கட்டம் போட்ட தமிழ் அட்டை ஒன்றை முகாமுக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். மாதிரி அட்டை இதோ. மாமாவின் மாத்திரைகளை வைத்தே எழுதியிருக்கிறேன், அச்சுச் செலவில் பாதி என்னுடையது.