"செவ்வாய் வரை" என்றால் செவ்வாயா, புதனா?

வணக்கம். கொக்குவில் பக்கமிருந்து யாழ்ப்பாண நகரப் பாடசாலைகளுக்குப் பதினொரு வருடம் வான் ஓடியவன் நான். பிள்ளை நாலைந்து நாள் வராவிட்டால் வான்காரருக்கு எப்படிச் சொல்வது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு செவ்வாய்க்கிழமை வரை.

புதன் இரவு ஒரு தாய் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: "கொழும்பில் கல்யாணம். செவ்வாய் வரை மகள் வரமாட்டா." இனிப் புதன்கிழமைதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் நினைத்ததோ, செவ்வாய் காலை வந்துவிடுவா என்று. அன்றைக்குப் பிள்ளை ஆறே முக்காலிலிருந்து புத்தகப்பையோடு படலையில் நின்றிருக்கிறது. நான் அந்த ஒழுங்கைக்குள் திரும்பாமலே போய்விட்டேன். அவரும் பிழையில்லை, நானும் பிழையில்லை. அந்த "வரை"தான் இரண்டு பக்கமும் இழுத்தது.

அதற்குப் பிறகு எல்லோரிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: வராத நாளைவிட, திரும்பி ஏறும் நாளைத் தெளிவாக எழுதுங்கள். "12 வியாழன், 13 வெள்ளி, 16 திங்கள் மூன்று நாளும் வரமாட்டா. 17 செவ்வாய் காலை ஏறுவா." திகதியும் கிழமையும் சேர்ந்திருந்தால், ஒன்று பிழைத்தாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். பிள்ளையின் பெயரையும் போடுங்கள். என் போனில் "தம்பியின் அம்மா" என்று மூன்று பேர் இருந்தார்கள்!

அடுத்தது மத்தியானம். காலையில் வெற்று இருக்கை என்றால் ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுப் போகலாம். பாடசாலை விடும்போது அப்படியில்லை. லீவு சொன்ன ஒரு பிள்ளையை, இடையில் பரீட்சை என்று தகப்பன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டார். எனக்கு அது தெரியாது. என் கணக்கில் இல்லாத பிள்ளையை விட்டுவிட்டு வானை எடுத்துவிட்டேன். ஆகவே காலையா, மத்தியானமா, இரண்டுமா என்று எழுதுங்கள். நடுவில் மாறினால் உடனே கோல் எடுங்கள்.

காலை ஆறேகாலுக்கு வரும் செய்தியை ஓடிக்கொண்டிருப்பவர் பார்க்க மாட்டார். முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் அனுப்புங்கள். "சரி" என்று பதில் வராவிட்டால் எடுத்துக் கதையுங்கள்.

கொப்புளிப்பான் மாதிரி வருத்தம் என்றால் எப்போது சுகமாகும் என்று உங்களுக்கே தெரியாது. அப்போது ஒரு நாளை ஊகித்து எழுத வேண்டாம். "நான் சொல்லும் மட்டும் ஏற்ற வராதீங்கோ" என்று எழுதுங்கள். நெருக்கி உட்காரும் வானில் மற்றப் பிள்ளைகளின் வீட்டாருக்குச் சொல்லவும் வேண்டுமே, என்ன வருத்தம் என்பதை மறைக்காதீர்கள்.

காசு? பிள்ளை வராவிட்டாலும் இருக்கை அவருக்குத்தான், லீசிங் கட்டும் நாளும் தள்ளிப்போகாது. அதனால் நான் முழு மாதக் காசுதான் வாங்கினேன். இரண்டு வாரத்துக்கு மேலே என்றால் பாதி விட்டுக்கொடுத்ததும் உண்டு, போக முன்னமே கேட்டவர்களுக்கு மட்டும்.