பதினோராவது நேர்காணலில் நின்றுபோன என் ஆய்வு

வணக்கம். எனக்குப் பின்னால் சுவர் முழுக்க மஞ்சள் தாள்கள் ஒட்டியிருக்கின்றன, தெரிகிறதா? நடுவில் ஒரு வரிசை மட்டும் கிழித்து மறுபடி ஒட்டினது மாதிரி இருக்கும். இன்றைக்குப் பேச்சு அந்த வரிசையைப் பற்றித்தான்.

என் ஆய்வுக் கேள்வி இது: மன வேதனையில் இருக்கிற 18 முதல் 25 வயதுக்காரர்கள், உதவி தேடிப் போவது என்று எப்படி முடிவெடுக்கிறார்கள்? முறை, கிரவுண்டட் தியரி. கிளேசர், ஸ்ட்ராஸ் என்று இரண்டு சமூகவியலாளர்கள், மருத்துவமனைகளில் சாகும் தறுவாயில் இருப்பவர்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தபோது உருவாக்கிய முறை. 1967-இல் அதைப் புத்தகமாக எழுதினார்கள். இருக்கிற கோட்பாட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சரிபார்ப்பது இதில் இல்லை. மக்கள் சொல்வதிலிருந்தே கோட்பாட்டைக் கட்ட வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நேர்காணலும் அலசலும் கூடவே நடக்க வேண்டும். எல்லோரிடமும் பேசி முடித்துவிட்டு அப்புறம் உட்கார்ந்து படிக்கலாம் என்றால் அது வேறு முறை. மூன்று பேர் சொன்னதை அலசினால்தான் நான்காவதாக யாரிடம் போக வேண்டும் என்பதே தெரியும்.

இதை நான் பரீட்சைக்கு அழகாக எழுதுவேன். ஆனால் செய்யும்போது கோட்டை விட்டேன்.

நான் ஆட்களைத் தேடியது ஒரு கவுன்சலிங் மையத்தின் வரவேற்பறையில். அனுமதி கிடைத்தது, ஆட்களும் கிடைத்தார்கள், வேலை சுலபமாக ஓடியது. தொடக்கத்துக்கு அதில் தப்பில்லை. எங்கேயாவது ஆரம்பிக்கத்தானே வேண்டும்?

அப்புறம் கோடிங். பதிவு செய்ததை எழுத்தாக்கி, வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரியிலும் அந்த ஆள் என்ன செய்கிறார் என்று ஓரத்தில் எழுதுவது. ஒரு வரி காட்டுகிறேன். பேசியவர்களின் சொற்களை இங்கே சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதனால் அந்தச் சாயலில் நானே எழுதிய வரி: "பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முடிந்தது. சரி, ரிசல்ட் வரட்டும் என்று விட்டுவிட்டேன்."

முதல் தடவை படித்தபோது ஓரத்தில் "தயக்கம்" என்று எழுதினேன். பக்கத்திலேயே "சமூகக் களங்கம்?" என்று ஒரு கேள்விக்குறியும் போட்டேன். இரண்டுமே உருப்படாத குறிகள். "தயக்கம்" என்பது ஒரு பெட்டியின் பெயர், அதற்குள் எதை வேண்டுமானாலும் போடலாம். "களங்கம்" அந்த வரியிலேயே இல்லை, நான் படித்த கட்டுரைகளிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டது. வரியில் இருப்பது வேறு. அவர் தனக்குத் தானே ஒரு கெடு வைக்கிறார். கெடு வந்ததும் அதைத் தள்ளி வைக்கிறார். ஆகவே "கெடு வைத்தல்", "கெடுவைத் தள்ளுதல்". குறியை இப்படி ஒரு வினையாக எழுதினால் அடுத்த கேள்வி தானாகவே வந்துவிடும்: யார் வைத்த கெடு? எதோடு சேர்த்து வைத்தது? எது அதை உடைத்தது?

அன்று ராத்திரி எழுதிய மெமோ இன்னும் என்னிடம் இருக்கிறது. மெமோ என்றால் வேறொன்றும் இல்லை, ஒரு குறியைப் பற்றி நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் குறிப்பு. "கெடு இருக்கும்வரை அது நோய் இல்லை, வெறும் கஷ்டகாலம். கெடு முடிந்துவிட்டால் பெயர் மாற்ற வேண்டிவரும். அதனால்தான் தள்ளுகிறார்களோ?" என்று எழுதியிருக்கிறேன்.

இந்த இடத்தில் ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 2007-இல் லூசி பிடில் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இங்கிலாந்தில் 16 முதல் 24 வயதுள்ள 23 பேரிடம் பேசி ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். "சாதாரண வேதனை", "நிஜமான நோய்" என்று இரண்டுக்கும் நடுவில் இளைஞர்கள் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். வேதனை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வரும்போது கோட்டையே தள்ளி வைத்துவிடுகிறார்கள். தவிர்த்தலின் சுழற்சி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். என் மெமோவை எழுதிய பிறகுதான் இதைப் படித்தேன். முதலில் ஒரே சந்தோஷம், அடுத்த நிமிஷம் வயிற்றைக் கலக்கியது. அவர்கள் சொன்னதையே நான் மறுபடி சொல்லப் போகிறேன் என்றால் எனக்கு இங்கே என்ன வேலை? ஆனால் அவர்களுடைய கேள்வி, ஏன் போகவில்லை என்பது. என் ஆட்களோ கடைசியில் போனவர்கள். ஆக நான் பார்க்க வேண்டியது, கோடு எந்த இடத்தில் நகராமல் நின்றது என்பதை.

இப்படியே பதினொரு நேர்காணல் போனது. ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றிலும் புதிதாக ஒரு குறிகூட வரவில்லை. கெடு வைத்தார்கள், தள்ளினார்கள், ஒருநாள் உடம்பு படுத்தியது. தூக்கம் போனது, சாப்பாடு இறங்கவில்லை. கெடு உடைந்தது, வந்தார்கள். கதை கச்சிதம். சாச்சுரேஷன், அதாவது இனி எத்தனை பேரிடம் பேசினாலும் புதிதாக எதுவும் வராது என்கிற கட்டம், வந்துவிட்டது என்று வழிகாட்டிக்கு எழுதினேன். கெஸ்டும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் எழுதிய கட்டுரையையும் துணைக்கு இழுத்தேன். கானா, நைஜீரியா பெண்களிடம் நடத்திய 60 நேர்காணல்களை வரிசையாகப் பார்த்து, பேச்சில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்களான கருக்களில் பெரும்பாலானவை முதல் பன்னிரண்டுக்குள்ளேயே வந்துவிட்டன என்று சொன்ன கட்டுரை. பன்னிரண்டு போதும் என்று சொல்ல ஊரெல்லாம் கைகாட்டும் கட்டுரையும் அதுதான். ஆனால் அங்கே எண்ணியது கருக்களை, பேசியதும் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஆட்களிடம். கிரவுண்டட் தியரியில் நிரம்ப வேண்டியது கருக்களின் பட்டியல் இல்லை. குறிகளைச் சேர்த்துக் கட்டுவது கருத்தினம், எனக்குக் கெடு மாதிரி. அதற்கு என்னென்ன பண்புகள், ஒவ்வொரு பண்பும் எந்த எல்லையிலிருந்து எந்த எல்லைவரை மாறுகிறது, அதுதான் நிரம்ப வேண்டும்.

வழிகாட்டி ஒரே வரியில் பதில் போட்டார்: "பதினொரு பேரும் எந்த வாசல் வழியாக வந்தார்கள்?"

நான் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒரே கதையைச் சொன்னதில் அதிசயமே இல்லை. அங்கே நிரம்பியது என் வலை, கோட்பாடு இல்லை.

கோட்பாட்டுவழி மாதிரித் தேர்வு என்பது அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. பத்து ஆண், பத்துப் பெண் என்று கணக்குப் பார்ப்பது அதன் வேலை இல்லை. "கெடு வைப்பது எப்போதும் அந்த ஆளேதானா?" என்பது கேள்வி என்றால், அது வேறு மாதிரி நடந்திருக்கக்கூடிய ஆளைத் தேடிப் போக வேண்டும். வேறொருவர் கூட்டிக்கொண்டு வந்தவர், ஒருமுறை வந்துவிட்டு நின்றுபோனவர், நண்பரிடம் மட்டும் சொன்னவர், யாரிடமுமே போகாதவர். இதற்கு நெறிமுறைக் குழுவிடம் திருத்த அனுமதி வாங்க வேண்டியிருந்தது, ஏனென்றால் முதல் விண்ணப்பத்தில் அந்த ஒரு மையத்தைத்தான் எழுதியிருந்தேன். அதில் ஆறு வாரம் போனது. நீங்கள் இந்த முறையில் விண்ணப்பம் எழுதுவதாக இருந்தால், ஆட்களும் கேள்விகளும் வழியில் மாறும் என்பதையும், எந்த அடிப்படையில் மாறும் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பன்னிரண்டாவது ஆளை அவருடைய தோழி கூட்டிவந்திருந்தார். நான் வழக்கம்போல "எப்படி முடிவெடுத்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தான் எதையும் முடிவெடுக்கவில்லை என்றார். தோழிதான் ஒரு நாளைக் குறித்து, அதுவரைக்கும் பார்க்கலாம், அப்புறம் நான் உன்னைக் கூட்டிப்போவேன் என்று சொல்லியிருக்கிறார்.

கெடு இருக்கிறது. ஆனால் வைத்தவர் வேறு ஆள். முக்கியமாக, அந்தக் கெடுவை இவரால் தள்ள முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய பதினொன்றையும் மறுபடி எடுத்தேன். மூன்றாவதிலும் ஏழாவதிலும் இதே விஷயம் இருந்தது. ஒருவரிடம் அண்ணன் "அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் போகலாம்" என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவருக்கு அறைத்தோழர் நாளையே குறித்திருக்கிறார். இரண்டுக்கும் நான் ஓரத்தில் எழுதியிருந்தது "சமூக ஆதரவு". மறுபடியும் புத்தகத்திலிருந்து வந்த பெட்டி! அந்தப் பெட்டிக்குள் போட்டதால் ஒன்றோடொன்று ஒப்பிடத் தோன்றவே இல்லை. சுவரில் கிழித்து ஒட்டிய வரிசை இந்த இரண்டால் வந்தது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. "முடிவெடுத்தேன்" என்ற சொல் என் கேள்வியில் இருந்தது. அவர்களாகத் தொடங்கிப் பேசிய இடங்களில் கிட்டத்தட்ட இல்லை. நான் முடிவைக் கேட்டேன், அவர்கள் மரியாதைக்கு ஒரு முடிவைத் தந்தார்கள். நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும்போது எல்லாம் கோவையாகத்தான் வரும். கேள்வியை மாற்றினேன்: "வந்ததற்கு முந்தைய வாரம் என்னென்ன நடந்தது, நாள் நாளாகச் சொல்லுங்கள்." பதில்கள் கலைந்துபோய் வந்தன. யாரோ போன் செய்தது, படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு மூடியது, வாசல்வரை வந்து திரும்பியது.

இரண்டாவது தடவை சாச்சுரேஷனை எப்படிப் பார்த்தேன் என்றால், ஒரு தாளில் பக்கவாட்டில் கெடுவின் நான்கு பண்புகளை எழுதினேன். யார் வைத்தது, எதோடு கட்டியது, யாருக்குத் தெரியும், எது உடைத்தது. மேலே நேர்காணல் எண்கள். ஒரு பண்பில் புதிய வகை வந்தால் மட்டும் கட்டத்தில் எழுதுவேன், இல்லையென்றால் காலி. "யாருக்குத் தெரியும்" என்ற வரிசை நீண்ட நாள் மெதுவாக நிரம்பிக்கொண்டே வந்தது. அடுத்தவருக்குத் தெரிந்த கெடுவைத் தள்ளுவது கஷ்டம் என்று அதிலிருந்துதான் சொல்ல முடிந்தது. ஹெனிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் 25 நேர்காணல்களைப் பரிசோதித்து, குறிகள் ஒன்பதிலேயே நிரம்பிவிட்டன, அவற்றின் அர்த்தம் முழுதாகப் பிடிபட 16 முதல் 24 நேர்காணல்வரை ஆனது என்று எழுதினார்கள். முதலில் நான் ஏமாந்தது அந்த ஒன்பதுக்கும் பதினாறுக்கும் நடுவில். ஆனால் பதினாறைத் தாண்டிவிட்டால் பத்திரம் என்றும் அர்த்தம் இல்லை. அதே வரவேற்பறையில் நாற்பது பேரிடம் பேசியிருந்தாலும் அந்தத் தோழியைப் போன்றவர் என் கண்ணில் படாமலே போயிருக்கலாம்.

இருபத்திரண்டில் நிறுத்தினேன். தாளில் கடைசி நான்கு நேர்காணல்களின் கட்டங்களும் காலி. ஆனால் ஒரு வரிசையில் காலி என்றால் வேறு அர்த்தம். எங்கேயுமே போகாதவர்கள் மூன்று பேர்தான் பேச வந்தார்கள். என்னிடம் பேச வந்ததே ஒருவகையில் போனது மாதிரிதான் என்று அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேன். ஆய்வேட்டில் "சாச்சுரேஷன் எட்டப்பட்டது" என்று ஒற்றை வரியாக எழுதவில்லை. மூன்று பண்புகள் நிரம்பின, "எது உடைத்தது" என்பது போனவர்களிடம் மட்டும் நிரம்பியது, போகாதவர்களிடம் நிரம்பவில்லை என்று எழுதினேன். கிரவுண்டட் தியரியைப் பற்றி எழுதிய இயன் டே, 1999-இலேயே சாச்சுரேஷன் என்ற சொல்லுக்குப் பதிலாகப் "போதுமான அளவு" என்ற பொருளில் ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்தார். எனக்கு அது பிடித்திருந்தது. வழிகாட்டிக்குப் பிடிக்கவில்லை. போதும் என்று யார் சொல்வது என்று கேட்டார்.

அந்த மூன்று பேரின் தாள்கள் அதோ, வலது ஓரத்தில், தனியாக. அவற்றை இன்னும் எந்த வரிசையோடும் சேர்த்து ஒட்டவில்லை.