அக்காவின் காப்பு எந்தக் கணக்கில் இருக்கிறது?

வணக்கம். கொழும்பு செட்டியார் தெருவில் நிற்கிறேன், வாகனச் சத்தம் கொஞ்சம் இருக்கும். போன கிழமை அக்காவோடு இங்கேதான் வந்தேன். 22 கரட்டில், இரண்டு பவுணில் ஒரு சோடி காப்பு எடுத்தார். கடைக்காரர் தராசில் வைத்துக் காட்டினார், சரியாக 16 கிராம். வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "இது செலவில்லையடா, சேமிப்பு."

நாட்டின் கணக்கு அக்கா சொன்னதை ஏற்குமா? அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

கணக்குக்கு வசதியாக ஒரு பவுண் 3 லட்சம் என்று வைப்போம். காப்புக்கு 6 லட்சம், செய்கூலி 60,000. அக்கா வீட்டின் வருட வருமானம் 20 லட்சம், மற்றச் செலவெல்லாம் 12 லட்சம். நம் நாட்டில் உள்நாட்டுச் சேமிப்பை யாரும் வீடு வீடாகப் போய் எண்ணுவதில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியிலிருந்து நுகர்வைக் கழித்து, மிஞ்சுவதைச் சேமிப்பு என்கிறார்கள். அக்கா வீட்டுக்கும் அப்படியே செய்து பாருங்கள். காப்பை நுகர்வில் போட்டால் மிச்சம் 1 லட்சத்து 40 ஆயிரம், வருமானத்தில் 7 சதவீதம். சொத்தாக எடுத்தால் 8 லட்சம், 40 சதவீதம். வீடும் காப்பும் மாறவில்லை, எழுதுகிற இடம்தான் மாறியது.

ஐ.நா.வின் 2008 தேசியக் கணக்கு முறையில் இதற்கென்று ஒரு வகை இருக்கிறது. தேய்ந்து தீராமல், மதிப்பைக் காத்து வைப்பதற்காக வாங்கும் தங்கம், இரத்தினம் போன்றவற்றைப் பெறுமதிமிக்க பொருட்கள் என்று பிரித்து, வாங்கியதிலிருந்து விற்றதைக் கழித்து, நுகர்வில் இல்லாமல் முதலீட்டுப் பக்கமான மூலதன ஆக்கத்தில் சேர்க்கச் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், கடைப் பற்றுச்சீட்டில் நோக்கம் எழுதியிருக்காது. நுகர்வுச் செலவினங்களை வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியலில் நகை, கைக்கடிகாரத்தோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவில் குடும்பச் சேமிப்புப் புள்ளிவிபரத்தில் தங்க, வெள்ளி ஆபரணங்களுக்குத் தனி வரிசை உண்டு. எனக்கு அதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது.

சரி, அடுத்த வருடம் பவுண் 4 லட்சமானால்? அக்காவின் சொத்து 2 லட்சம் கூடும், சேமிப்பு ஒரு ரூபாயும் கூடாது. வருமானத்தில் ஒதுக்கி வாங்கினால்தான் சேமிப்பு. விலை ஏற்றம் மறுமதிப்பீடு, அது தனிக் கணக்கு. "மக்களிடம் இவ்வளவு கோடிக்குத் தங்கம்" என்ற செய்தியைப் பார்த்தால் முதலில் டன் கூடியதா, விலை கூடியதா என்று பாருங்கள்.

அந்த டன்னை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கதவைத் தட்டி எத்தனை பவுண் என்று கேட்டால் எங்கள் அம்மா சொல்லவே மாட்டார். அதனால் வேறு பக்கமாக வருகிறார்கள்: வருடா வருடம் நாட்டுக்குள் வந்த தங்கத்தைக் கூட்டி, வெளியே போனதையும் தொழிற்சாலைக்குப் போனதையும் கழிக்கிறார்கள். இந்தியக் குடும்பங்களிடம் சுமார் 25,000 டன் என்று உலகத் தங்கப் பேரவை சொல்வதும் மதிப்பீடுதான், யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. கடை விற்பனையை அப்படியே கூட்டவும் முடியாது. பழைய ஒரு பவுணைக் கொடுத்து இரண்டு பவுண் எடுத்தால் வீட்டுக்குப் புதிதாக வந்தது ஒன்றுதான். தூய்மையையும் பார்க்க வேண்டும். அக்காவின் 16 கிராமில் சுத்தத் தங்கம் 14.67 கிராம்தான்.

இலங்கையில் இந்த வழி இரண்டு இடத்தில் பிசகும். மத்திய கிழக்கில் வேலை பார்ப்பவர்கள் கையிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டு வரும் நகை இறக்குமதிப் புள்ளிவிபரத்தில் விழாது. மற்றது எதிர்ப்பக்கம்: முறையாக இறக்கிய தங்கம் களவாக இந்தியாவுக்குப் போய்விடும். 2018 ஏப்ரலில் தங்க இறக்குமதிக்கு 15 சதவீத வரி போட்டதற்கு அந்தச் சந்தேகமும் ஒரு காரணம். அப்படிப் போனது தெரியாவிட்டால் நம் வீடுகளில் இல்லாத தங்கத்தை நமக்கே எழுதிவைப்போம்.

அப்புறம் அடகு. ஊரில் அடைவு என்போம். மகனின் படிப்புக்காக அக்கா அந்தக் காப்பை வங்கியில் வைத்து 4 லட்சம் எடுத்தால், வங்கிக் கணக்கில் குடும்பக் கடன் 4 லட்சம் உடனே ஏறும். காப்பு இன்னும் அக்காவுடையதுதான், ஆனால் வாங்கிய அன்றே அதை நுகர்வில் எழுதி முடித்திருந்தால் சொத்துப் பக்கம் வெறுமையாக இருக்கும். வெறும் கடன்காரக் குடும்பமாக அவர் தெரிவார். 2013இல் உலக விலை சரிந்தபோது அடகுக் கடன் கொடுத்திருந்த வங்கிகள் இங்கே நட்டப்பட்டன. அந்த நேரத்தில் வீடுகள் எவ்வளவு இழந்தன என்று பார்க்க, கடன் தொகை மட்டும் போதாது.

இத்தனைக்கும், வீட்டுத் தங்கத்தை உண்மையாகவே நிறுத்து, கரட் பார்த்து எழுதிவைக்கிற இடம் அந்த அடகுச் சீட்டுதான். வைத்த நகை மட்டும்தான் அதில் வரும், அலுமாரியில் இருப்பது வராது. ஆனாலும் ரூபாய்த் தொகையோடு மொத்தக் கிராமையும் மாதா மாதம் வெளியிட்டால், விலை எது, எடை எது என்று நாமே பிரித்துப் பார்த்துவிடலாம்.