ஆடியில் அச்சாகும் ஆவணிப் பத்திரிகை

நேயர்களுக்கு வணக்கம். ஆடி பிறந்தால் எங்கள் அச்சகத்தில் இயந்திரங்களுக்கு ஓய்வு. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் எங்களுக்குச் சாப்பிடவும் நேரம் இருக்காது. அதனால் ஆடிக்குள் கல்யாணப் பத்திரிகைக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு சலுகை வைத்திருக்கிறோம்: அச்சடிக்கும் முன் சரிபார்க்கத் தரும் மாதிரிப் படியான புரூஃப், மூன்று வரை திருத்தக் கட்டணம் கிடையாது. கடையின் பெயரைச் சொல்லக்கூடாது என்று நிலையத்தார் சொல்லிவிட்டார்கள். சலுகை எதற்கு என்பதையாவது சொல்லிவிடுகிறேன்.

முதல் புரூஃபில் பெயர்களை மட்டும் பாருங்கள். தலைப்பெழுத்து, படிப்பு, யார் பெயருக்கு முன் 'அமரர்' வரவேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். இரண்டு வீட்டாரும் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா பெயர் பெண் வீட்டாருக்குச் சரியாகத் தெரியாது.

இரண்டாவதில் நாளும் நேரமும். ஒரு வீட்டில் முகூர்த்தத்தை வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றினார்கள். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் திருத்தியாயிற்று. கீழே சிறிய எழுத்தில் 'முந்தைய நாள் வியாழன் மாலை வரவேற்பு' என்பது அப்படியே நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் திருத்திய இடத்தையே பார்த்தார்கள்! வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்த பாட்டிதான், "ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு வியாழக்கிழமை வரவேற்பா?" என்று கேட்டார். அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முன் கேட்டதால் பிழைத்தோம். ஆகவே ஒரு தேதி மாறினாலும் முதல் வரியிலிருந்து, வாய்விட்டு, படியுங்கள். கைப்பேசித் திரையில் வேண்டாம், தாளில்.

மூன்றாவது புரூஃபை நீங்கள் தேர்ந்தெடுத்த அட்டையிலேயே எடுத்து மடித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளையாரின் தும்பிக்கை மடிப்பில் விழுவது அப்போதுதான் தெரியும். அதில் கையெழுத்திட்ட பிறகு வரும் திருத்தம் உங்கள் செலவு. திரும்பவும் சொல்கிறேன், கையெழுத்துக்கு முன்பு வரைதான் சலுகை.

அட்டைக்கு வருவோம். பளபளவென்று லேமினேஷன் செய்த அட்டையைத்தான் பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. நான்கு மூலையிலும் குழைத்துத் தடவிய மஞ்சள் அதில் பிடிக்காது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். மினுமினுக்கும் உறையில் மை காயாமல் முகவரி இழுபடும். மாதிரி உறையில் உங்கள் பேனாவாலேயே எழுதி, சற்றுப் பொறுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். மை ஒட்டினால் அந்த உறை வேண்டாம்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கால அளவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையெழுத்தான பிறகு, ஆயத்த அட்டையில் ஒரே வண்ணம் என்றால் இரண்டு மூன்று நாள். தங்க எழுத்துக்குத் தனியாக அச்சுக்கட்டை செய்ய வேண்டும், ஒரு வாரம் கொடுங்கள். மழைக்காலத்தில் மை காய மேலும் ஒரு நாள். அவசரப்பட்டு அடுக்கினால் மேல் அட்டையின் பின்பக்கத்தில் கறை ஏறும். ஊர் ஊராகப் பத்திரிகை வைக்க ஒரு மாதமாவது வேண்டும், அதையும் கணக்கில் சேர்த்து வாருங்கள். வணக்கம்.