பயிற்சி பெற்ற நெட்வொர்க்கைப் பலமுறை கேட்பது: கணிப்பு வேளையில் டிராப்அவுட்

[திரையில்: விழித்திரைப் படம் ஒன்று. அதன் கீழே 0.95 என்ற எண்.]

நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற ஒரு நியூரல் நெட்வொர்க், இந்தப் படத்துக்கு 0.95 என்று விடை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை "95 சதவீதம் உறுதி" என்று படிக்கத்தான் எவருக்கும் தோன்றும். ஆனால், நெட்வொர்க்கின் கடைசி அடுக்கு 3 என்ற எண்ணைக் கொடுத்தது, எந்த எண்ணையும் 0-க்கும் 1-க்கும் இடையே அடக்கும் சிக்மாய்டு சார்பு அதை 0.95 ஆக மாற்றியது என்பதற்கு மேல் அந்த எண்ணில் எதுவும் இல்லை. அந்த 3 எவ்வளவு நம்பத்தக்கது, பயிற்சியில் வேறு எடைகள் அமைந்திருந்தால் அது 1 ஆகவோ 6 ஆகவோ இருந்திருக்குமா என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது. பயிற்சி முடிந்த அதே நெட்வொர்க்கை மாற்றாமல், அந்தக் கேள்விக்குத் தோராயமான ஒரு விடையைப் பெறும் வழியையும், அந்த விடையை எதுவரை நம்பலாம் என்பதையும் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

டிராப்அவுட் என்பது பயிற்சியின்போது பயன்படும் உத்தி. ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கின் நியூரான்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவற்றின் வெளியீட்டைப் பூஜ்யமாக்கி விடுகிறோம். எவை அணைந்தன, எவை எரிகின்றன என்ற பட்டியலுக்கு மாஸ்க் என்று பெயர். ஒரு நியூரான் அணைவதற்கான வாய்ப்பை p என்று குறித்தால், அணையாமல் மிஞ்சியவற்றின் வெளியீட்டை 1/(1-p) என்ற மடங்கால் உயர்த்துகிறோம். அதனால் மொத்தத்தின் சராசரி மாறாமல் இருக்கும். வழக்கமாக, பயிற்சி முடிந்து கணிப்புக்கு வந்ததும் டிராப்அவுட்டை நிறுத்திவிடுவார்கள். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை வரவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அதை நிறுத்தாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை, தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய அளவுக்குச் சிறிய ஒரு கணக்கில் பார்ப்போம்.

[திரையில்: நான்கு வட்டங்கள், அவற்றிலிருந்து ஒரே புள்ளிக்குச் செல்லும் நான்கு கோடுகள்.]

கடைசி அடுக்குக்கு முன்னால் நான்கு நியூரான்கள் இருக்கின்றன. நம் படத்துக்கு அவற்றின் வெளியீடுகள் 2, 1, 3, 0. அவற்றுக்குரிய எடைகள் 0.5, -1, 1, 2. ஒவ்வொன்றையும் பெருக்கினால் கிடைக்கும் பங்குகள் 1, -1, 3, 0, கூட்டினால் 3. முதலில் சொன்ன 3 இதுதான். இப்போது p = 0.5 என்று வைத்து டிராப்அவுட்டை இயக்குகிறோம். ஒவ்வொரு பங்கும் ஒன்று பூஜ்யமாகும், இல்லையேல் இரு மடங்காகும். நான்காவது நியூரானின் பங்கு எப்படியும் பூஜ்யம் என்பதால் அதை விட்டுவிடலாம். மற்ற மூன்றுக்கும் சம வாய்ப்புள்ள எட்டு மாஸ்க்குகள் உண்டு. அவை தரும் விடைகள் 0, 2, -2, 6, 0, 8, 4, 6. இவற்றின் சராசரி 24/8, அதாவது 3. டிராப்அவுட் இல்லாதபோது வந்த அதே எண்தான். ஆனால் இப்போது ஒரு பரவலும் நம் கைக்கு வந்திருக்கிறது: திட்ட விலக்கம் சுமார் 3.3. சராசரியை விடவே பெரிய பரவல்.

இந்த எட்டு எண்களையும் தனித்தனியே சிக்மாய்டு வழியாகச் செலுத்தினால் 0.50, 0.88, 0.12, 0.998, 0.50, 0.9997, 0.98, 0.998 என்று கிடைக்கின்றன. இவற்றின் சராசரி 0.75. டிராப்அவுட்டை அணைத்தபோது 0.95 என்று சொன்ன அதே நெட்வொர்க், மாஸ்க்குகளின் சராசரியில் 0.75 என்கிறது. சிக்மாய்டு நேர்கோடு அல்ல என்பதே இதற்குக் காரணம்: மேல் எல்லையில் 6-க்கும் 8-க்கும் அது வேறுபாடு காட்டுவதில்லை, ஆனால் -2 என்ற ஒரே விடை சராசரியைப் பலமாகக் கீழே இழுக்கிறது. எனவே முதலில் எண்களைச் சராசரி எடுத்துவிட்டுப் பிறகு சிக்மாய்டில் செலுத்தக்கூடாது. ஒவ்வொரு ஓட்டத்தின் நிகழ்தகவையும் தனியே கண்டு, அவற்றையே சராசரி எடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் இந்த வேலை முழுவதும் வீண், பழைய 0.95-தான் திரும்ப வரும்.

சராசரியை மட்டும் பார்ப்பதும் போதாது. ஒரு படத்துக்கு எல்லா மாஸ்க்குகளும் ஒன்றுபோல 0.5 என்று சொல்லலாம். இன்னொரு படத்துக்குப் பாதி மாஸ்க்குகள் 0.99 என்றும் மறுபாதி 0.01 என்றும் சொல்லலாம். இரண்டிலும் சராசரி 0.5 தான். முதல் படமே இரண்டுங்கெட்டானாக இருக்கிறது, அதில் மாஸ்க்குகளிடையே கருத்து வேறுபாடில்லை. இரண்டாவது படத்தில் நெட்வொர்க்கின் உட்கூறுகள் தமக்குள் முரண்படுகின்றன. மாஸ்க்குகளைத் தனித்தனியே ஓட்டினால் மட்டுமே இந்த வேறுபாடு தெரியவரும்.

இந்த முறைக்கு மான்டே கார்லோ டிராப்அவுட் என்று பெயர். ஆய்வாளர்கள் யாரின் கால், ஜூபின் கராமானி ஆகிய இருவரும் 2016-ஆம் ஆண்டு ஐசிஎம்எல் மாநாட்டுக் கட்டுரையில், டிராப்அவுட்டோடு நடக்கும் பயிற்சியை எடைகளின் மீதான ஒரு பேயீசியக் கணிப்பின் தோராயமாகக் கருதலாம் என்று காட்டினார்கள். ஒவ்வொரு மாஸ்க்கும், தரவோடு ஒத்துப்போகக்கூடிய ஒரு நெட்வொர்க்கின் மாதிரி என்பது அதன் சாரம். கருத்து அழகானது. ஆனால் தோராயம் என்ற சொல்லை இங்கே அழுத்திப் படிக்க வேண்டும்.

[திரையில்: p/(1-p) × பங்குகளின் வர்க்கங்களின் கூட்டல்]

நம் சிறு கணக்கில் பரவல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கடைசி அடுக்கில் மட்டும் டிராப்அவுட் இருக்கும்போது, விடையின் விலக்க வர்க்கச் சராசரி என்பது p/(1-p)-ஐப் பங்குகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் பெருக்கியதற்குச் சமம். நமக்கு அது 1 × (1 + 1 + 9) = 11; அதன் வர்க்கமூலம்தான் 3.3. அதே எடைகளை வைத்துக்கொண்டு p-ஐ 0.1 ஆக்கினால் 11 என்பது 1.22 ஆகக் குறைந்து, திட்ட விலக்கம் 1.1 ஆகிவிடும். படமும் மாறவில்லை, எடைகளும் மாறவில்லை. ஆனால் நிச்சயமின்மை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. p-ஐ நாம் எதற்காகத் தேர்ந்தெடுத்தோம்? பெரும்பாலும் பயிற்சி நன்றாக நடக்க வேண்டும் என்பதற்காக; நிச்சயமின்மையை அளப்பதற்காக அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சூத்திரத்தில், எத்தனை படங்களைக் கொண்டு பயிற்சி நடந்தது என்ற எண்ணிக்கை எங்குமே இல்லை. தரவு பெருகப் பெருக அறியாமையால் வரும் நிச்சயமின்மை தேய்ந்து மறைய வேண்டும். p நிலையாக இருக்கும் டிராப்அவுட்டிலோ, எடைகள் ஓரிடத்தில் நிலைபெற்ற பிறகு பரவலும் அங்கேயே நின்றுவிடும். இயன் ஆஸ்பாண்ட் 2016-லேயே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டு யாரின் கால் உள்ளிட்டோர் முன்வைத்த கான்கிரீட் டிராப்அவுட், p-ஐயும் பயிற்சியிலேயே கற்க வைத்து இதைச் சரிசெய்ய முயன்றது.

பரிச்சயமில்லாத உள்ளீட்டைக் கண்டால் பரவல் கூடுமா என்ற கேள்விக்கும் இதே சூத்திரம் விடை தருகிறது. ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கப்பட்ட கார்பன் டைஆக்சைடு தரவை வைத்து, தரவுக்கு வெகு தொலைவில் என்ன நடக்கிறது என்று கால், கராமானி கட்டுரையிலேயே சோதித்திருக்கிறார்கள். ரெலு நியூரான்கள் கொண்ட நெட்வொர்க்கில், தரவிலிருந்து விலகிச் செல்லச் செல்ல நிச்சயமின்மை பெருகியது. டான்எச் நியூரான்கள் கொண்டதில் அது ஓர் எல்லைக்குள் அடங்கி நின்றது. ரெலுவின் வெளியீட்டுக்கு மேல் வரம்பு கிடையாது, உள்ளீடு வளர்ந்தால் பங்குகளும் வளரும். டான்எச் 1-ஐத் தாண்டுவதில்லை. தரவு இல்லாத இடத்தை அறிந்துகொண்டு பரவல் விரிந்தது என்று சொல்வதைவிட, நியூரான்கள் உரக்கப் பேசியதால் விரிந்தது என்று சொல்வதே என் பார்வையில் உண்மைக்கு நெருக்கமானது. புதிய உள்ளீடு நியூரான்களை மந்தமாக்கினால், பரவல் சுருங்கவும் கூடும்.

இனி செயல்முறைக்கு வருவோம். பைடார்ச்சில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
model.eval()
for m in model.modules():
    if isinstance(m, torch.nn.Dropout):
        m.train()

with torch.no_grad():
    probs = torch.stack(
        [torch.sigmoid(model(x)) for _ in range(50)])

mean, std = probs.mean(0), probs.std(0)
```

`model.train()` என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே என்று தோன்றும். அதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை. அந்த வரி டிராப்அவுட்டை மட்டுமல்லாமல், சராசரியைக் கொண்டு எண்களைச் சீராக்கும் பேட்ச் நார்மலைசேஷனையும் பயிற்சி நிலைக்குக் கொண்டுபோய்விடும். பிறகு ஒரு நோயாளியின் படத்துக்கான விடை, அதே தொகுதியில் யாருடைய படங்கள் உடன் வந்தன என்பதைப் பொறுத்து மாறும். சேமித்து வைத்த சராசரிகளும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். இதைக் கண்டுபிடிக்க, எல்லா p-க்களையும் பூஜ்யமாக்கிவிட்டு ஒரே படத்தை இரு வேறு தொகுதிகளில் வைத்து ஓட்டுங்கள். தசமக் கடைசி இலக்கங்களைத் தாண்டி விடை மாறினால், பேட்ச் நார்மலைசேஷன் விழித்திருக்கிறது என்று பொருள்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. `Dropout2d` என்பது `Dropout`-இன் உட்பிரிவு அல்ல. மேலுள்ள வரி அதைத் தொடாது. `F.dropout(x, training=self.training)` என்று சார்பாக அழைக்கப்பட்டதும் அந்த வலையில் சிக்காது. நெட்வொர்க்கில் இவை மட்டுமே இருந்தால், ஐம்பது ஓட்டங்களும் ஒரே விடையைத் தந்து, பரவல் பூஜ்யம் என்று காட்டும். அதைப் பூரண நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து.

எத்தனை ஓட்டங்கள் வேண்டும்? சராசரி விரைவில் நிலைபெறும். பரவலைக் கணிக்கத்தான் அதிகம் தேவைப்படும். விடைகள் ஏறக்குறைய மணி வடிவில் பரவியிருந்தால், 10 ஓட்டங்களில் கண்ட திட்ட விலக்கம் கிட்டத்தட்ட கால் பங்கு பிசகலாம். 50 ஓட்டங்களில் பத்தில் ஒரு பங்கு. டிராப்அவுட் கடைசி அடுக்குகளில் மட்டும் இருந்தால், அதற்கு முந்தைய அடுக்குகளை ஒரே முறை ஓட்டி அந்த முடிவைச் சேமித்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் ஐம்பது முறை ஓட்டினால் போதும். கூடுதல் செலவு சொற்பம்.

[திரையில்: பரவலின் வரிசையில் அடுக்கப்பட்ட விழித்திரைப் படங்கள்.]

பரவலின் அளவு p-யைச் சார்ந்திருப்பதால், "0.75, கூட்டல் கழித்தல் இவ்வளவு" என்று அதை அறிக்கையில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். படங்களை வரிசைப்படுத்தவே அதைப் பயன்படுத்துவேன். கிறிஸ்டியன் லைபிக் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு செய்ததும் அதுதான்: நீரிழிவு விழித்திரைப் படங்களில் நிச்சயமின்மை மிகுந்தவற்றை மருத்துவரின் பார்வைக்கு ஒதுக்கியபோது, மிச்சமிருந்த படங்களில் நெட்வொர்க்கின் திறன் உயர்ந்தது. நம் நெட்வொர்க்கிலும் இதைச் சோதிப்பது எளிது. பயிற்சியில் சேராத படங்களைப் பரவலின்படி அடுக்கி, பரவல் மிகுந்த பத்து சதவீதத்தை நீக்கி, மீதியில் பிழை விகிதத்தைப் பாருங்கள். பிறகு இருபது, முப்பது சதவீதம் நீக்கிப் பாருங்கள். பிழை தொடர்ந்து இறங்கினால் வரிசைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதே எண்ணிக்கையிலான படங்களை, டிராப்அவுட் இல்லாமல் வந்த நிகழ்தகவு 0.5-க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்ற ஒரே அளவுகோலால் நீக்கியும் ஒப்பிடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றாகவே இறங்கினால், ஐம்பது ஓட்டங்களும் அந்த நெட்வொர்க்குக்குப் புதிதாக எதையும் தரவில்லை.

இந்தச் சோதனையை வேறொரு கேமராவில் எடுத்த படங்களிலும் தனியே நடத்த வேண்டும். ஒரு கேமராவின் படங்களில் சரியாக அமைந்த வரிசை, இன்னொன்றின் படங்களில் குலைந்துபோகலாம். யானிவ் ஓவாடியா உள்ளிட்டோர் 2019-இல் பல முறைகளை ஒப்பிட்டபோது, தரவின் இயல்பு மாறிய நிலையில், தனித்தனியே பயிற்றுவித்த சில நெட்வொர்க்குகளின் கூட்டமே பொதுவாக முன்னணியில் நின்றது. ஐந்து நெட்வொர்க்குகளைப் பயிற்றுவிக்க வசதியிருப்பவர் அதையே செய்யலாம். கையில் ஒரே நெட்வொர்க், அதுவும் டிராப்அவுட்டோடு ஏற்கெனவே பயின்றது என்றால், இந்த ஐம்பது ஓட்டங்களை இன்றே ஓட்டிப் பார்க்கலாம். டிராப்அவுட் இல்லாமல் பயின்ற நெட்வொர்க்கில் பின்னால் அதைச் செருகினால் மட்டும் பயனில்லை, ஏனெனில் அந்த எடைகள் மாஸ்க்குகளைத் தாங்கப் பழகியவை அல்ல.