சீசன் இல்லாத மாதத்தில், கையில் இருக்கும் அட்வான்ஸ் யாருடைய பணம்?

[திரையில்: நிகழ்ச்சி அலங்காரத் தொழிலின் 12 மாத வரைபடம். 8 மாதங்கள் உயரமான கட்டங்கள், 4 மாதங்கள் குட்டையானவை.]

கல்யாணம், திருவிழா இரண்டையும் நம்பி நடக்கும் தொழிலில் வருமானம் மாதாமாதம் ஒரே அளவில் வராது. வாடகையும் சம்பளமும் மட்டும் தவறாமல் வரும். மந்தமான மாதங்களில் பலர் தடுமாறுவது வேலை குறைந்ததால் மட்டும் அல்ல. அப்போது வங்கிக் கணக்கில் பணம் இருக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி அடுத்த சீசனுக்கு வாங்கிய அட்வான்ஸாக இருக்கும். அதில் எவ்வளவை இப்போது செலவு செய்யலாம் என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

[திரையில்: கட்டணம் 100 = நேரடிச் செலவு 60 + மிச்சம் 40]

மேடை அலங்காரம் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நிகழ்ச்சிக்குக் கட்டணம் 100. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான். பூ, கூலியாட்கள், வண்டி, வாடகைச் சாமான்கள் என்று அந்த நிகழ்ச்சிக்காகவே ஆகும் செலவு 60. மிச்சம் 40. கிடங்கு வாடகை, நிரந்தர ஊழியர் சம்பளம், கடன் தவணை, முதலாளியின் வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 80. நிகழ்ச்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது உண்டு.

சீசனில் மாதம் 4 நிகழ்ச்சிகள். மிச்சம் 160, அதில் 80 போனாலும் 80 தங்கும். சீசன் இல்லாத 4 மாதங்களில் மாதம் ஒரு நிகழ்ச்சிதான். 40 வரும், 80 போகும். மாதம் 40 துண்டு விழும், 4 மாதத்துக்கு 160.

[திரையில்: 4 × 40 = 160]

இந்த 160-ஐ முன்கூட்டியே சேர்க்கலாம். சீசனின் 8 மாதங்களில் 32 நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் 5 ஒதுக்கினால் போதும். மாதக் கடைசியில் மிஞ்சியதை எடுத்து வைப்போம் என்றால் எதுவும் மிஞ்சாது. நிகழ்ச்சியின் கடைசித் தொகை கைக்கு வந்த அன்றே 5-ஐத் தனிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.

சரி, சேர்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மந்தமான மாதங்களில்தான் அடுத்த சீசனுக்கு முன்பதிவுகள் வரும். 12 பேர் பதிவு செய்கிறார்கள், ஆளுக்கு 30 அட்வான்ஸ். மொத்தம் 360. கணக்கில் 400 தெரிகிறது. புது விளக்குகள் வாங்கினால் என்ன என்று தோன்றும்.

[திரையில்: வங்கி இருப்பு 400 − நடக்காத நிகழ்ச்சிகளின் அட்வான்ஸ் 360 = சொந்தப் பணம் 40]

வேலை முடியும்வரை அட்வான்ஸ் வருமானம் ஆகாது. கணக்குப் புத்தகத்தில் அது கடன் பக்கத்தில்தான் நிற்கும். பணமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லது வேலையாகக் கொடுக்க வேண்டும். அதைக் கழித்தால் இந்த நிறுவனத்திடம் இருப்பது 40, ஒரு மாதத் துண்டுக்குத்தான் காணும். வாரம் ஒரு முறை இந்தக் கழித்தலைச் செய்து பார்த்தாலே போதும், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.

இந்த 400-ஐச் செலவு செய்துவிட்டால் என்ன ஆகும்? சீசனின் முதல் மாதம் 4 நிகழ்ச்சிகள், நேரடிச் செலவு 240. நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் மீதி 70 வரும், அதுவும் சிலரிடம் இழுத்தடித்துத்தான் வரும். பூக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். அப்போது இரண்டு மாதம் கழித்து நடக்கப்போகும் நிகழ்ச்சிக்கு அட்வான்ஸ் வாங்கி இந்த வார நிகழ்ச்சியை நடத்துவார். பதிவுகள் வரும்வரை சக்கரம் சுற்றும். ஒரு மாதம் பதிவு குறைந்தாலோ, இரண்டு பேர் ரத்து செய்தாலோ நின்றுவிடும். இதற்கான அறிகுறிகள் முன்பே தெரியும். சம்பளத் தேதி நிலையாக இல்லாமல், ‘அந்த நிகழ்ச்சியின் மீதி வந்ததும்’ என்று மாறும். கடனுக்குச் சாமான் தந்தவர் முன்பணம் கேட்பார். எந்தத் தேதிக்கான நிகழ்ச்சிக்கு எவ்வளவு வாங்கினோம் என்று புரட்டிப் பார்க்க முதலாளிக்கே மனம் வராது.

[திரையில்: 30 + 70 → 25 + 45 + 30]

அப்படியானால் அட்வான்ஸைத் தொடவே கூடாதா? கொஞ்சம் தொடலாம். எவ்வளவு என்பது அடுத்த தவணை எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது. முதலில் 30, எல்லாம் முடிந்ததும் 70 என்ற முறையில் ஒரு காசுகூட நம்முடையது இல்லை, ஏனென்றால் 60 செலவை நிகழ்ச்சிக்கு முன்பே செய்ய வேண்டும்.

இதை மூன்றாகப் பிரிப்போம். பதிவு செய்யும்போது 25, நிகழ்ச்சிக்கு 30 நாள் முன்பு 45, மேடை தயாராகி நிகழ்ச்சி தொடங்கும் முன் 30. பூவும் கூலியும் பெரும்பாலும் கடைசி 30 நாளில்தான் செலவாகும். அப்போது 45 வந்திருக்கும். 60 செலவுக்கு இன்னும் 15 வேண்டும், அதை முதல் 25-இலிருந்து பூட்டி வைக்கிறோம். மீதி 10-ஐ இப்போதே பயன்படுத்தலாம்.

12 முன்பதிவுகளுக்கு 120. துண்டு விழும் 160-இல் முக்கால்வாசி. ஆனால் பதிவுகள் எல்லாம் முதல் வாரமே வந்துவிடாது, மந்தமான முதல் இரண்டு மாதங்களுக்குச் சேமிப்புதான் கைகொடுக்கும். அதனால் நிகழ்ச்சிக்கு 5 ஒதுக்குவதை விடாமல், இந்த 120-ஐ உபரிப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். அதோடு, இப்போது எடுத்த 10 அந்த நிகழ்ச்சி நடக்கும் மாதத்தில் வராது. அந்த மாத மிச்சம் 160-க்குப் பதில் 120 ஆகும். மாதச் செலவு 80 என்பதால் இங்கே தாங்கும், உங்கள் எண்களில் தாங்குமா என்று பாருங்கள்.

ரத்து செய்தால் என்ன? அந்தத் தேதியை அவருக்காகப் பிடித்து வைத்து, வேறு ஆட்களைத் திருப்பி அனுப்பியிருப்போம். அதற்கான 10 திரும்பக் கிடைக்காது, மீதி 15 இன்ன தேதிவரை கிடைக்கும் என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வாயால் சொன்னது நிற்காது. எழுதினாலும், நமக்கு ஆன நஷ்டத்துக்குப் பொருந்தாத பெரிய தொகையைப் பிடித்துக்கொள்வதைப் பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்கள் ஏற்பதில்லை. உங்கள் ஊர் விதியை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதி தள்ளிப்போனால் அந்த 15 புதுத் தேதியின் வரிசைக்கு நகர வேண்டும். அதனால் அட்வான்ஸ் பட்டியலைப் பணம் வந்த தேதிப்படி இல்லாமல், நிகழ்ச்சித் தேதிப்படி எழுதுங்கள். அடுத்த 13 வாரங்களுக்கு வாரத்துக்கு ஒரு கட்டம் போட்டு வரவையும் செலவையும் நிரப்பினால், எந்த வாரம் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பது முன்பே தெரிந்துவிடும். வங்கியில் ஓவர்டிராஃப்ட் வசதி கேட்பதாக இருந்தால் சீசனில் கேளுங்கள். கணக்கில் வரவு நன்றாகத் தெரியும் நேரம் அது.

[திரையில்: தள்ளுபடி 10 = மிச்சம் 40-இல் கால்வாசி]

கடைசியாகத் தள்ளுபடி. மந்தமான மாத நிகழ்ச்சியை 75-க்குக் கொடுத்தாலும் 15 மிஞ்சும், சும்மா இருப்பதற்கு அது மேல். 60-க்குக் கீழே போனால் வேலையும் செய்து கைப்பணமும் இழப்போம். ஆனால் ‘இப்போதே முழுப் பணமும் கொடுத்தால் 10 குறைப்பு’ என்று அடுத்த சீசனின் உச்சத் தேதிகளை விற்பது வேறு. எப்படியும் 100-க்கு விற்கப்போகும் தேதிகள் அவை. 40 மிச்சத்தில் 10 போகிறது. 4 மாதம் முன்பே பணம் கிடைப்பதற்கு நாம் கொடுக்கும் வட்டி இது. வங்கிக் கடனின் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கடனே மலிவாக இருக்கும்.