அதிகாலை இரண்டு மணிக்கு முன்பா, பின்பா? அழித்த வாட்ஸ்அப் செய்தி எங்கே, எத்தனை நாள் தங்குகிறது

[திரையில்: இரவு நேர வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றின் வெளிச்சமான ஜன்னல்கள். பின்னணிக் குரல் தொடங்குகிறது.]

காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒரு தொடர்மாடியை எடுத்துக்கொள்வோம். அங்கு குடியிருப்போருக்கு 43 பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணீர் எப்போது வரும், லிஃப்ட் எப்போது திருத்தப்படும் என்பவைதான் அதில் வழக்கமாகப் பேசப்படும். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 9.40க்கு, நான்காம் மாடியில் வசிக்கும் ஆசிரியை ஒருவர், கொட்டாஞ்சேனையில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப வேண்டிய செய்தியைத் தவறுதலாக இந்தக் குழுவுக்கு அனுப்பிவிடுகிறார். செய்தியில் அவருடைய தேசிய அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் இருக்கின்றன. கூடவே வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் படமும் போயிருக்கிறது. மறுநாள் காலை 10.15க்குத்தான், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, அவருக்கு விஷயம் தெரியவருகிறது.

இது ஓர் எடுத்துக்காட்டுதான். ஆனால் அவர் அழித்த பிறகு அந்த இலக்கங்கள் எங்கெங்கே, எத்தனை நாள் தங்கியிருக்கும் என்பதை நேரம் குறித்துப் பின்தொடர்ந்தால், அழித்தல் என்ற சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது என்பது விளங்கும்.

[திரையில்: செய்தியை அழுத்திப் பிடிக்கும் விரல். இரண்டு தெரிவுகள் தோன்றுகின்றன.]

செய்தியை அழுத்திப் பிடித்து, குப்பைத்தொட்டி அடையாளத்தைத் தொட்டால் "Delete for everyone", "Delete for me" என்று இரண்டு தெரிவுகள் வரும். பதற்றத்தில் இரண்டாவதைத் தொட்டுவிடுபவர்கள் ஏராளம். நானும் ஒரு முறை அப்படித் தொட்டிருக்கிறேன். அப்படிச் செய்தால் செய்தி நம் திரையிலிருந்து மட்டும் மறையும், மற்ற 42 பேரின் கைபேசிகளில் அப்படியே இருக்கும். நம் திரையில் செய்தியே இல்லாததால், எல்லோரிடமிருந்தும் அழிப்பதற்கு அதைத் தொடவும் முடியாமல் போகும். இந்தத் தவறு அடிக்கடி நடப்பதனால், 2022ஆம் ஆண்டின் இறுதியில் வாட்ஸ்அப் "Undo" என்ற பொத்தானைச் சேர்த்தது. அது திரையில் நிற்பது ஐந்து வினாடிகள்தான். அதையும் தவறவிட்டால் குழுவின் நிர்வாகியிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் குழுவில் மற்றவர்கள் இட்ட செய்தியை எல்லோருக்குமாக அழிக்கும் வசதி நிர்வாகிக்கு இருக்கிறது.

நம் ஆசிரியை சரியான பொத்தானையே தொடுகிறார். நேரமும் அவருக்கு இருக்கிறது. 2017இல் இந்த வசதி வந்தபோது ஏழு நிமிடத்துக்குள் அழித்தாக வேண்டும். பின்னர் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகி, 2022 ஆகஸ்டில் சுமார் 60 மணி நேரமாக நீண்டது. அந்தக் கணக்கின்படி வெள்ளிக்கிழமை காலை 9.40 வரை அவரால் அழிக்க முடியும். ஆயினும், அழிக்க முடியும் என்பது வேறு, அழிந்துவிடும் என்பது வேறு.

[திரையில்: ஒரு கைபேசியிலிருந்து 42 கோடுகள் பிரிந்து 42 கைபேசிகளுக்குச் செல்கின்றன.]

வாட்ஸ்அப் செய்தி நிறுவனத்தின் சேவையகத்தில் ஒரே ஒரு பிரதியாக இருந்து, அதை எல்லோரும் எட்டிப் பார்ப்பது போன்ற ஏற்பாடு அல்ல. செய்தி ஒவ்வொரு கைபேசிக்கும் போய்ச் சேர்ந்ததும், சேவையகத்தில் காத்திருந்த மறையாக்கப்பட்ட பிரதி நீக்கப்படுகிறது. சேராத செய்தி மட்டும் 30 நாள் வரை அங்கே காத்திருக்கும், அதன் பின் அதுவும் நீக்கப்படும். ஆகவே செவ்வாய் இரவு பத்து மணிக்குள்ளேயே, கைபேசி இயங்கிக்கொண்டிருந்த எல்லோரிடமும் அந்தச் செய்தி அவரவருடைய சொந்தப் பிரதியாக இறங்கிவிட்டது. நிறுவனம் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது என்று அஞ்சுவோர் பலர். இந்த விஷயத்தில் அஞ்ச வேண்டியது நிறுவனத்தை விட அயலவர்களின் கைபேசிகளைத்தான்.

இதனால், எல்லோரிடமிருந்தும் அழி என்று நாம் சொல்வது, உண்மையில் அந்த 42 கைபேசிகளுக்கும் அனுப்பப்படும் இன்னொரு செய்தியே. அதைப் பெறும் ஒவ்வொரு செயலியும் தன்னிடமுள்ள பிரதியை நீக்கி, அந்த இடத்தில் செய்தி அழிக்கப்பட்டது என்ற வரியைக் காட்டுகிறது. எங்காவது அது நிறைவேறாமல் போனால் அனுப்பியவருக்கு அறிவிப்பு வராமலே போகலாம் என்று வாட்ஸ்அப் தன் உதவிப் பக்கத்திலேயே எச்சரிக்கிறது. ஐபோன் வைத்திருப்போர் வந்த படங்களைத் தமது புகைப்படத் தொகுப்பில் தானாகச் சேமிக்கும்படி வைத்திருந்தால், உரையாடலிலிருந்து படம் போன பின்னும் தொகுப்பில் அது இருக்கக்கூடும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. வங்கிப் புத்தகப் படத்தின் நிலை இதுதான். இதற்கிடையில் யாராவது செய்தியை வேறொருவருக்கு அனுப்பியிருந்தால், அது தனிச் செய்தியாகிவிடும். மூலத்தை அழிப்பது அதைத் தொடாது.

[திரையில்: கடிகாரம் 1.59இலிருந்து 2.00க்கு மாறுகிறது. ஒரு கைபேசியின் கோப்புப் பட்டியல் நெருக்கமாகத் தெரிகிறது.]

இனி வருவது பலர் கவனிக்காத இடம், ஆகவே இங்கே சற்று நிற்போம். அண்ட்ராய்ட் கைபேசியில் வாட்ஸ்அப் தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு, அந்தக் கைபேசிக்குள்ளேயே உரையாடல்கள் அனைத்தையும் ஒரு காப்புப் பிரதியாக எழுதி வைக்கிறது. இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. கைபேசியின் கோப்புச் செயலியைத் திறந்து பின்வரும் இடத்துக்குப் போனால் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
msgstore-2025-03-11.1.db.crypt14
msgstore-2025-03-12.1.db.crypt14
msgstore.db.crypt14
```

தேதி இல்லாத கோப்பு ஆகப் பிந்திய பிரதி. தேதி உள்ளவை அதற்கு முந்திய நாட்களுக்குரியவை. இப்படிக் கடந்த ஏழு நாள் வரையிலான பிரதிகள் கைபேசியில் தங்கும். புதியது சேரச் சேரப் பழையது விழும்.

இப்போது நம் ஆசிரியையின் நேரத்தைத் திரும்பப் பாருங்கள். செய்தி போனது செவ்வாய் இரவு 9.40க்கு, அழித்தது புதன் காலை 10.15க்கு. இரண்டுக்கும் நடுவில் புதன் அதிகாலை இரண்டு மணி வந்து போயிருக்கிறது. அந்தக் குழுவில் அண்ட்ராய்ட் வைத்திருக்கும் ஒவ்வொருவருடைய கைபேசியிலும், அவர் அடையாள அட்டை இலக்கம் அன்றைய காப்புப் பிரதிக்குள் போய்விட்டது. காலையில் வந்த அழிப்புக் கட்டளை உயிரோடு இருக்கும் உரையாடலில்தான் வேலை செய்யுமே தவிர, மூடி வைக்கப்பட்ட இந்தக் கோப்பைத் திறந்து திருத்தாது. அதே செய்தியைச் செவ்வாய் இரவு 11 மணிக்கு அழித்திருந்தால், இந்தப் பிரதிகளில் ஒன்றிலும் அது இருந்திருக்காது.

அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் வாசிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, அது மறையாக்கப்பட்டது. ஆனால் கைபேசிக்கு உரியவர் தேதியுள்ள கோப்பை முதலில் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்து, வாட்ஸ்அப்பை நீக்கி, அந்தப் பிரதியின் பெயரை `msgstore.db.crypt14` என்று மாற்றிப் பழைய இடத்திலேயே வைத்து, மீண்டும் நிறுவித் தன் எண்ணை உறுதிசெய்து மீட்டெடுத்தால், அன்றைய நிலை திரும்பும், அழிக்கப்பட்ட எழுத்தும் கூடத் திரும்பும். விலை என்னவென்றால், அதற்குப் பிந்திய நாட்களின் செய்திகளை அவர் இழப்பார். பெரும்பாலான அயலவர்கள் இந்தச் சிரமத்தைப் படமாட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் பிணக்கு உள்ள ஒருவர் படக்கூடும்.

[திரையில்: மேகச் சேமிப்பின் அமைப்புப் பக்கம். "Daily", "Weekly", "Monthly" என்ற தெரிவுகள்.]

கூகுள் கணக்கில் ஏற்றப்படும் காப்புப் பிரதி இன்னொன்று. அங்கே ஏழு நாள் வரிசை இல்லை. புதியது ஏறும்போது பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே இந்தப் பிரதியின் ஆயுள் ஒவ்வொருவரும் தெரிவுசெய்திருக்கும் இடைவெளியைப் பொறுத்தது. தினமும் ஏற்றுபவரிடம் வியாழன் அதிகாலையோடு ஆசிரியையின் இலக்கம் போய்விடும். மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்திருப்பவருக்கு அந்தப் புதன்கிழமையே ஏற்றும் நாளாக அமைந்திருந்தால், அது ஏறக்குறைய ஒரு மாதம் அங்கே இருக்கும். புதிய கைபேசிக்கும் புதிய கூகுள் கணக்குக்கும் மாறி, பழைய கணக்கை மறந்துவிட்டவர்களும் உண்டு. அப்படிப் புதுப்பிக்கப்படாமல் ஐந்து மாதங்களுக்கு மேல் கிடக்கும் பிரதி தானாக நீக்கப்படலாம். அதுவரை அது அங்கே கிடக்கும்.

அறிவிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ட்ராய்ட் 11 முதல் "Notification history" என்ற பட்டியல் உண்டு. அதை இயக்கி வைத்திருப்பவருக்குக் கடந்த 24 மணி நேரத்தில் வந்த அறிவிப்புகள் எழுத்தோடு தெரியும், செய்தி அழிக்கப்பட்ட பின்னும் தெரியும். ஆசிரியை காலை 10.15க்கு அழித்தாலும், அந்தப் பட்டியலில் அவர் அனுப்பிய எழுத்துகள் இரவு 9.40 வரை இருக்கும்.

[திரையில்: கணக்கை நீக்கும் பக்கம்.]

மனமுடைந்து, கணக்கையே நீக்கிவிடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். இந்தச் சிக்கலுக்கு அது மருந்தல்ல. கணக்கை நீக்கும் வேலை தொடங்கியதிலிருந்து நிறுவனத்திடமுள்ள தகவல்கள் அழிய 90 நாள் வரை ஆகலாம். பேரழிவு, மென்பொருள் கோளாறு போன்றவற்றிலிருந்து மீள்வதற்காக வைத்திருக்கும் காப்புச் சேமிப்பில் அதற்குப் பின்னும் பிரதிகள் இருக்கலாம் என்று வாட்ஸ்அப் கூறுகிறது. அவை கணக்கு பற்றிய தகவல்கள். 42 கைபேசிகளிலும் ஏற்கெனவே இறங்கியிருக்கும் செய்திகளை அந்த நீக்கம் தொடாது. அதை விட மோசமாக, கணக்கை நீக்கியவரால் அதன் பின் எந்தச் செய்தியையும் எல்லோரிடமிருந்தும் அழிக்க முடியாது. அழிக்க வேண்டியதை முதலில் அழித்துவிட்டே கணக்கில் கை வைக்க வேண்டும்.

[திரையில்: ஆசிரியையின் கைபேசி. கோப்புப் பட்டியல் மீண்டும்.]

அவருடைய சொந்தக் கைபேசியிலும் புதன்கிழமைக் கோப்பு இருக்கிறது. அதைக் கோப்புச் செயலியில் தேடி நீக்கலாம். பின்பு "Settings", "Chats", "Chat backup" என்று போய் "Back up" பொத்தானைத் தொட்டால், கூகுள் கணக்கிலிருக்கும் பழைய பிரதியின் இடத்தில் புதியது ஏறும். மற்ற 42 பேரின் கோப்புகளை அவரால் தொட முடியாது. வங்கிக்குத் தொலைபேசி எடுத்துக் கணக்கு இலக்கம் வெளியே போன விஷயத்தைச் சொல்லி வைப்பது, அந்த ஏழு நாட்கள் கழியட்டும் என்று காத்திராமல், புதன்கிழமை காலையிலேயே செய்ய வேண்டிய வேலை. அடுத்த வாரம் புதன், வியாழன் அளவில் பெரும்பாலான அண்ட்ராய்ட் கைபேசிகளின் பட்டியலிலிருந்து அந்தத் தேதியிட்ட கோப்பு விழுந்துவிடும். மாதாந்த ஏற்றம் வைத்திருப்போரின் மேகச் சேமிப்பில் மட்டும் அது இன்னும் சில வாரங்கள் இருக்கலாம்.